பதவிப்பெயரும் கடமையும் மாறின, சம்பளம் மாறவில்லை: சம்மதம் தேவையா?

கல்முனை முகாமையாளர்:
சம்பளத்தில் ஒரு சதம்கூடக் குறைக்காமல் ஊழியரின் பதவிப்பெயரையும் கடமைகளையும் மாற்றிக் கடிதம் கொடுத்தால், அதற்கு அவருடைய சம்மதம் எதற்கு? சம்பளம் கொடுப்பவர்தான் எந்த வேலையைச் செய்விப்பது என்பதையும் தீர்மானிக்க வேண்டும். இதற்கெல்லாம் தொழில் திணைக்களத்துக்கு ஓடுவது நிறுவனங்களை அலைக்கழிக்கும் செயல். இதில் தவறு இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

வாவிக்கரை:
ஐயா, நியமனக் கடிதம் இருவர் செய்துகொண்ட உடன்படிக்கை. அதில் சம்பளம் ஒரு வரி, பதவி இன்னொரு வரி. கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம். அதன்படி ஊழியருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டிய விபரங்களில் பதவிப்பெயரும் சம்பளமும் பக்கம் பக்கமாகவே வருகின்றன. சம்பள வரியை மட்டும் தொடாமல் விட்டுவிட்டு மற்ற வரிகளை ஒருவரே அழித்து எழுதலாம் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. ஊழியரின் எந்தச் சிறு மாற்றத்துக்கும் சம்மதம் வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. கணக்கு எழுதுவினைஞரைக் கணக்கு உதவியாளர் என்று அழைப்பதும், கையெழுத்துப் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறச் சொல்வதும் நிருவாகத்தின் உரிமைக்குள் அடங்கும். வேலையின் தன்மையே வேறாகும்போதுதான் சம்மதம் என்ற கேள்வி எழுகிறது.

கல்முனை முகாமையாளர்:
எங்கள் எல்லா நியமனக் கடிதங்களிலும் "நிருவாகம் காலத்துக்குக் காலம் ஒப்படைக்கும் ஏனைய கடமைகள்" என்ற வரி இருக்கிறது. ஊழியர் அதற்குக் கையொப்பம் இட்டுத்தான் சேருகிறார். சம்மதம் அன்றே கிடைத்துவிட்டது. சம்பளமும் குறையவில்லை.

கல்லடி நிலா:
இதே பிரச்சினை எங்கள் வீட்டில் இப்போது நடந்துகொண்டிருப்பதால் எழுதுகிறேன். என் மச்சாள் மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் குத்தகைக் கடன் நிறுவனத்தில் 7 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுவினைஞராக இருக்கிறார். அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய். போன வாரம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தார்கள். அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து அவர் "அறவீட்டு உத்தியோகத்தர்" என்றும், சம்பளமும் படிகளும் மாறாது என்றும், பிரதியில் கையொப்பமிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. இனி அவர் வாழைச்சேனையிலிருந்து வாகரை வரை வீடு வீடாகச் சென்று தவணைப்பணம் வாங்கி, அன்று மாலையே கிளையில் கட்ட வேண்டும். பணத்தில் குறை வந்தால் அவரே பொறுப்பு. மாத இலக்கும் உண்டு. வேலை நேரம் பற்றி ஒரு வரியும் இல்லை. விவசாயிகளும் மீனவர்களும் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை என்பதால் அன்றும் போகச் சொல்கிறார்கள்.

கல்முனை முகாமையாளர்:
சம்பளம் மாறாது என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறதே தங்கை. நீங்களே அதைச் சொல்லிவிட்டீர்கள்.

ஏறாவூர்ப் பட்டதாரி:
நானும் இதை அனுபவித்தவன். பிரதேச செயலகத்தில் இருந்த என்னை அம்பாறைக்கு மாற்றினார்கள். மேன்முறையீடு செய்து பார்த்தேன், எதுவும் நடக்கவில்லை. சம்மதமாவது, உரிமையாவது! கொடுத்த வேலையைச் செய்ய வேண்டியதுதான்.

வாவிக்கரை:
தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் நீங்கள் அரச ஊழியர். உங்கள் இடமாற்றம் தாபனக் கோவைக்கும் அரசாங்க சேவை ஆணைக்குழுவின் விதிகளுக்கும் உட்பட்டது. அதோடு உங்களுக்கு மாறியது இடம், பதவி மாறவில்லை. நிலாவின் மச்சாள் தனியார் நிறுவன ஊழியர், அவருக்கு மாறியது வேலையே.

"ஏனைய கடமைகள்" என்ற வரிக்கு வருகிறேன். அது ஒரு பதவியைச் சார்ந்து நிற்கும் வரி. கணக்கு எழுதுவினைஞரிடம் களஞ்சியக் கையிருப்பைச் சரிபார்க்கச் சொல்லவும் வங்கிக்குப் போகச் சொல்லவும் அந்த வரி இடம் தரும். அந்தப் பதவியையே இல்லாமல் செய்துவிட்டு வேறொன்றைத் தர அதற்கு வலிமை கிடையாது. அப்படி இருந்தால், ஒருவரைக் கணக்காளராகச் சேர்த்து மறுநாளே காவலாளியாக நிறுத்தலாம், சம்பளம் மட்டும் கணக்காளருடையதாக இருந்தால் போதும் என்று ஆகிவிடும்.

செங்கலடி சட்ட மாணவன்:
இதற்கு எளிய பதில் இருக்கிறது. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க, வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் சட்டத்தின்படி ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் எதுவும் செய்ய முடியாது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் என்றால் இந்தக் கடிதம் தானாகவே செல்லாது.

வாவிக்கரை:
தம்பி சரியான சட்டத்தைத்தான் எடுத்திருக்கிறீர்கள், ஆனால் அது இந்த இடத்துக்குப் பொருந்தாது. அந்தச் சட்டம் வேலையிலிருந்து நீக்குவதைப் பற்றியது. வேலையை மாற்றுவதற்கு ஆணையாளரின் அனுமதி வேண்டும் என்று அது சொல்லவில்லை. நாளை இலக்கை எட்டவில்லை என்று நிறுவனம் அவரை நிறுத்தினால், அப்போது அது பேசும். இன்றைய பிணக்கைத் தொழில் திணைக்களத்திடம் முறைப்பாடாகக் கொடுக்கலாம். அங்கே இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பார்கள். 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் வழியில் இணக்கப்பாட்டுக்கும் முயலலாம். தொழில் நியாய சபைக்கு ஊழியர் தாமே போவது பெரும்பாலும் வேலை முடிவுற்ற பிறகுதான்.

செங்கலடி சட்ட மாணவன்:
விரிவுரையில் எங்களுக்குச் சொன்னது வேறு. ஆணையாளருக்கு அதிகாரம் உண்டு என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கல்முனை முகாமையாளர்:
உங்களுக்குள்ளேயே சட்டத்தில் ஒற்றுமை இல்லை. ஊழியர் சேமலாப நிதி பற்றிய போன விவாதத்திலும் வாவிக்கரை இப்படித்தான் எல்லோருக்கும் பாடம் நடத்தினார். நான் கேட்டது ஒன்றே ஒன்று. சம்பளம் குறைந்ததா, இல்லையா?

வாவிக்கரை:
அந்த விவாதத்தில் சொன்னதிலும் நான் இன்றும் நிற்கிறேன். உங்கள் கேள்விக்குப் பதில்: குறைந்தது.

கணக்கு மேசையில் இருந்தபோது அவருக்குச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம். அதற்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு மேலதிக நேரக் கொடுப்பனவு. புதிய கடிதத்தில் நேரம் எழுதப்படவில்லை. ஞாயிறு உட்பட வாரத்துக்கு 54 மணி நேரம் அலைகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிக்கள உத்தியோகத்தருக்கு மேலதிக நேரம் இல்லை என்று கிளை சொல்லிவிட்டால், அதே 60,000 ரூபாய்க்கு ஒவ்வொரு மணி நேர உழைப்பின் விலையும் ஆறில் ஒரு பங்கு வீழ்ந்துவிட்டது. கடிதத்தில் இருக்கும் தொகை மட்டும் அசையவில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து பணிக்கொடையில் இருக்கிறது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் 5 ஆண்டுகள் நிறைந்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் சேரும். இவருக்கு இன்று 30,000 ரூபாய் வீதம் 7 ஆண்டுகளுக்கு 2,10,000 ரூபாய். நிதிக் கையாடலுக்காகவோ தொழில்தருநரின் உடைமைக்குச் சேதம் விளைவித்ததற்காகவோ ஒருவர் நீக்கப்பட்டால், அந்த இழப்பின் அளவுக்குப் பணிக்கொடையைப் பறிக்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. மேசையில் பேரேடு எழுதியவரின் கையில் நிறுவனத்தின் பணம் இருக்கவில்லை. இனி ஒவ்வொரு நாளும் இருக்கும். வாகரை வீதியில் பை தொலைந்தாலும், பற்றுச்சீட்டில் ஓர் இலக்கம் பிழைத்தாலும், முதல் சந்தேகம் அவர்மீதுதான் விழும். இப்படிப்பட்ட பொறுப்பை ஒருவர் தாமாக ஏற்க வேண்டும். அதை அவர் தலையில் இன்னொருவர் ஏற்றிவிட முடியாது. சம்மதம் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

கல்முனை முகாமையாளர்:
தொலைந்தால், பிழைத்தால், 54 மணி நேரமானால் என்று எல்லாமே உங்கள் ஊகம். கடிதத்தில் இருப்பது சம்பளம் மாறாது என்பது மட்டுமே.

காத்தான்குடி வியாபாரி:
நான் 9 பேரை வைத்துக் கடை நடத்துபவன். ஒருவர் சுகமில்லாமல் இருந்தால் மற்றவர் அந்த வேலையைப் பார்க்க வேண்டும். அதற்கும் கடிதம், சம்மதம் என்றால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். ஆனாலும், காசு வாங்கும் வேலையை மனமில்லாதவரிடம் நான் கொடுக்க மாட்டேன். அது எனக்கே நட்டம்.

வாவிக்கரை:
நானா, தற்காலிகமாகப் பதில் வேலை பார்ப்பது வேறு, நிரந்தரமாகப் பதவியை மாற்றுவது வேறு. உங்கள் கடையில் நடப்பதை எவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கல்லடி நிலா:
மச்சாள் என்ன செய்ய வேண்டும் என்பதை யாராவது சொல்லுங்கள். கையொப்பம் கேட்டு இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். இராஜினாமா செய்துவிடலாமா என்றும் யோசிக்கிறார்.

வாவிக்கரை:
இராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். எழுதினால் தாமே விலகினார் என்று நிறுவனம் சொல்லும். தம்மை வெளியேறும்படி நெருக்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை பிறகு அவர்மேல் விழும். பிரதியில் "கடிதம் கிடைத்தது, உள்ளடக்கத்துக்கு உடன்படவில்லை" என்று எழுதித் திகதி இட்டுக் கையொப்பமிடட்டும். வெறும் கையொப்பம் போட்டால் அது ஏற்பாக வாசிக்கப்படும். அதன்பின் சில நாட்களுக்குள் ஒரு கடிதம் பதிவுத் தபாலில் போக வேண்டும். நியமனக் கடிதத்தின் திகதி, பதவி, இதுவரை செய்த கடமைகள், புதிய கடமைகள் எப்படி வேறுபடுகின்றன, பணக் குறைக்குத் தாம் பொறுப்பேற்கச் சம்மதிக்கவில்லை என்பன அதில் இருக்கட்டும். மௌனமாக மாதக்கணக்கில் புதிய வேலையைச் செய்தால், நடத்தையால் ஏற்றுக்கொண்டார் என்ற வாதம் வலுவாகிவிடும்.

செங்கலடி சட்ட மாணவன்:
அப்படியானால் முதலாம் திகதி அவர் பழைய மேசையில்தான் போய் இருக்க வேண்டும். புதிய வேலையைத் தொட்டாலே சம்மதம்தான்.

வாவிக்கரை:
அது ஆபத்தான ஆலோசனை. பழைய மேசையில் பிடிவாதமாக இருந்தால் கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை என்று ஒழுக்காற்று விசாரணை தொடங்குவார்கள். ஆட்சேபனையை எழுத்தில் கொடுத்துவிட்டு, முறைப்பாடு விசாரிக்கப்படும் வரை ஆட்சேபனையுடனேயே வேலை செய்வது பாதுகாப்பானது.

செங்கலடி சட்ட மாணவன்:
பணத்தைக் கையில் வாங்கிய பிறகு ஆட்சேபனை என்ன பாதுகாப்பைத் தரும்? பணிக்கொடை பற்றி நீங்களே சொன்ன ஆபத்து அந்த முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறதே.

வாவிக்கரை:
அதனால்தான் பணக் குறை பற்றிய வரியைக் கடிதத்தில் தனியாக எழுதச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் கட்டிய பணத்துக்குக் கிளையின் முத்திரையுடன் பற்றுச்சீட்டு வாங்கி வைக்க வேண்டும். ஆபத்து முழுவதும் நீங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. வேலையை இழக்கும் ஆபத்தைவிட அது சிறியது என்கிறேன்.

செங்கலடி சட்ட மாணவன்:
என் பார்வையில் அதுதான் பெரியது.

கல்முனை முகாமையாளர்:
ஓர் ஊழியருக்கு இவ்வளவு கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கிறீர்கள். சம்பளத்தைக் குறைக்காத ஒரு நிறுவனத்தின் மீது இத்தனை பகை ஏன்?

வாவிக்கரை:
பகை இல்லை ஐயா. சம்பளத்தோடு எதுவும் மாறவில்லை என்பது உண்மையானால், வேலை நேரம் 45 மணி, மேலதிக நேரம் வழமைபோல் கொடுக்கப்படும், பணக் குறைக்கு அவர் தனித்துப் பொறுப்பல்ல என்ற மூன்று வரிகளை அதே கடிதத்தில் சேர்த்துத் தருவீர்களா?

கல்முனை முகாமையாளர்:
அது அந்த நிறுவனம் தீர்மானிக்க வேண்டியது. சம்பளம் குறையவில்லை என்று நான் சொன்னதை மீண்டும் சொல்கிறேன்.

கல்லடி நிலா:
"உடன்படவில்லை" என்று எழுதிய பிரதியை மச்சாள் இன்று காலை கொடுத்தார். கிளை முகாமையாளர் அதை வாங்க மறுத்து, வேறு வெற்றுப் பிரதி கொடுத்திருக்கிறார்.

வாவிக்கரை:
வெற்றுப் பிரதியில் கையொப்பம் வேண்டாம். மறுத்த திகதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு, அதே பிரதியை இன்றே தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பட்டும். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.