"பலபல"வைப் பிரித்தால் பொருள் வருகிறதே, அப்புறம் எப்படி இரட்டைக்கிளவி? உதவுங்கள்

உசிலம்பட்டி தேர்வர்

எல்லோருக்கும் வணக்கம். குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பொதுத்தமிழில் இரட்டைக்கிளவி, அடுக்குத்தொடர் பகுதி எளிது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பிரித்தால் பொருள் தந்தால் அடுக்குத்தொடர், தராவிட்டால் இரட்டைக்கிளவி. சலசல, பாம்பு பாம்பு என்று வந்தால் எனக்கும் சிக்கல் இல்லை.

ஆனால் பயிற்சித் தாளில் வந்த மூன்று வினாக்களில் விதியும் விடையும் ஒத்துப்போகவில்லை.

"பலபலவெனப் பொழுது விடிந்தது" என்பதற்கு விடை இரட்டைக்கிளவி. "பல" என்பது பொருளுள்ள சொல்தானே? "கருகருவென வளர்ந்த கூந்தல்", இதற்கும் இரட்டைக்கிளவி என்றே இருக்கிறது. கரு என்றால் கருமை. மூன்றாவது, "போ போ, இனி என் முகத்தில் விழிக்காதே" என்பதற்கு வெகுளி என்று விடை. என் குறிப்பேட்டில் "போ போ" விரைவுப் பொருள் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

விடைத்தாள் தவறா, விதியை நான் புரிந்துகொண்டதில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா?

திருமங்கலம்

தம்பி, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். எழுத்தைப் பார். சேர்த்து எழுதியிருந்தால் இரட்டைக்கிளவி, இடம் விட்டு எழுதியிருந்தால் அடுக்குத்தொடர். பலபல, கருகரு இரண்டும் சேர்ந்து இருக்கின்றன. போ போ தனித்தனியாக இருக்கிறது. முடிந்தது. இன்னொன்று, இரட்டைக்கிளவி இரண்டு முறைதான் வரும், அடுக்குத்தொடர் நான்கு வரை போகும். இந்த இரண்டையும் வைத்தே எல்லா வினாவையும் போட்டுவிடலாம்.

உசிலம்பட்டி தேர்வர்

நன்றி அண்ணே. ஆனால் "சுடச்சுட இட்லி", "வரவர வெயில் கூடுகிறது" என்பதையெல்லாம் சேர்த்துத்தானே எழுதுகிறோம்? சுட, வர இரண்டுக்கும் பொருள் உண்டு. இவை இரட்டைக்கிளவி ஆகிவிடுமா?

வாடிப்பட்டி அம்மா

என் மகள் ஆறாம் வகுப்பு. அவளுக்கும் இதே சந்தேகம்தான். வீட்டில் நாங்கள் பேசும்போது "புத்தகம் கித்தகம் எடுத்தியா", "காபி கீபி குடிக்கிறீங்களா" என்கிறோம். அதைக் குறித்துக்கொண்டுபோய் இரட்டைக்கிளவி என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கித்தகம் என்று ஒரு சொல்லே கிடையாதே, பிரித்தால் பொருள் தராததுதானே இரட்டைக்கிளவி?

மேலூர் தமிழாசிரியை (ஓய்வு)

தம்பி, விடைத்தாள் சரிதான். "பிரித்தால் பொருள் தராது" என்று நாம் மனப்பாடம் செய்கிற வரி, நூற்பாவைச் சுருக்கியதில் வந்தது. நன்னூலில் இருப்பது "இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா" என்பது. தொல்காப்பியத்திலும் இதே கருத்துதான். இசையா என்றால் ஒலிக்காது, அதாவது அந்த இடத்தில் ஒற்றையாக வழங்காது. அகராதியில் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பொருள் உண்டா இல்லையா என்பதை நூற்பா கேட்கவே இல்லை.

அதனால் சொல்லை வாக்கியத்திலிருந்து பிடுங்கி எடுத்துப் பார்க்காதே. வாக்கியத்தில் வைத்தே ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் படி. "பலவெனப் பொழுது விடிந்தது." யாராவது இப்படிச் சொல்வார்களா? வாக்கியம் நிற்கவில்லை, ஆகவே இரட்டைக்கிளவி. இப்போது இதைப் பார்: "அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் பல பல ஊர்களிலிருந்து மக்கள் வந்தார்கள்." ஒன்றை எடுத்தால் "பல ஊர்களிலிருந்து மக்கள் வந்தார்கள்." வாக்கியம் அப்படியே நிற்கிறது, அழுத்தம் மட்டும் குறைகிறது. இது அடுக்குத்தொடர். எழுத்து ஒன்றுதான், இரண்டு வாக்கியத்தில் இரண்டு விடை. வினா எடுப்பவர்களுக்கு இது பிடித்த இடம்.

கருகருவும் அப்படியே. "கருவென வளர்ந்த கூந்தல்" என்று வழக்கில்லை. தொல்காப்பியத்தின் பழைய உரைகளில் இரட்டைக்கிளவியை இசை, குறிப்பு, பண்பு என்று மூன்றாகப் பிரித்து எடுத்துக்காட்டுவார்கள். அதில் பண்புக்குக் காட்டுவது "கறுகறுத்தது" என்பது. கறு என்பதில் கருமைப் பொருள் இருப்பது உரைகாரர்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் இரட்டைக்கிளவியில்தான் வைத்தார்கள்.

போ போ விஷயம் வேறு. அடுக்குத்தொடருக்குப் பொருளைச் சொல் தருவதில்லை, சூழல் தருகிறது. விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் என்று ஐந்தைப் படித்திருப்பாய். "போ போ, மாட்டுத்தாவணி பஸ் கிளம்பிவிடும்" என்றால் விரைவு. "போ போ, என் முகத்தில் விழிக்காதே" என்றால் வெகுளி. "வா வா" கூட அப்படித்தான். திருவிழாவுக்கு வந்த தங்கையை வாசலில் பார்த்துச் சொன்னால் உவகை, மழை வருகிறது உள்ளே ஓடி வா என்றால் விரைவு. குறிப்பேட்டில் சொல்லுக்கு எதிரே பொருளை எழுதாமல், முழு வாக்கியத்துக்கு எதிரே எழுதி வை.

திருமங்கலம் தம்பி சொன்னதில் எண்ணிக்கை சரி. மூன்றோ நான்கோ வந்தால் ஐயமில்லாமல் அடுக்குத்தொடர். ஆனால் இரண்டு முறை வந்தால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது, இரண்டுமே இரண்டு முறை வரும். இடைவெளியை நம்பவே நம்பாதே. அச்சில் "சல சல" என்று பிரித்தும் போடுகிறார்கள், "வாவா" என்று சேர்த்தும் போடுகிறார்கள். சுடச்சுட, வரவர இரண்டும் அடுக்குத்தொடர்தான். "சுட இட்லி" என்று சொல்வோமா என்று கேட்பாய். சொல்ல மாட்டோம். ஆனால் அங்கே சுடு, வா என்ற வினைகளின் எச்சம் தன் பொருளோடு அடுக்கி வந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. விடிவதற்கும் "பல" என்ற எண்ணுப் பொருளுக்கும் அப்படித் தொடர்பு ஏதும் இல்லை.

வாடிப்பட்டி அம்மாவுக்கு: உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி, அதற்கு "இல்லை" என்பது மட்டும் போதாது. கித்தகம் தனியாகப் பொருள் தராது, சரி. ஆனால் புத்தகம் தரும். இரட்டைக்கிளவியில் ஒரே சொல் மாறாமல் இரட்டிக்க வேண்டும். இங்கே முதலெழுத்து மாறிவிட்டது. இதை எதிரொலிச் சொல் என்பார்கள். முதலெழுத்து குறிலானால் கி, நெடிலானால் கீ. பணம் கிணம், பாம்பு கீம்பு, மாடு கீடு. பொருள் "அது அல்லது அதைப் போன்ற வேறு ஏதாவது" என்பது. அதனால்தான் கேள்வியிலும் எச்சரிக்கையிலும் நன்றாகப் பொருந்துகிறது. "வரப்பில் பாம்பு கீம்பு கிடக்கும், பார்த்துப் போ" என்போம். கண்ணால் பார்த்த ஒரு பாம்பைப் பற்றி "நேற்று ஒரு பாம்பு கீம்பு என்னைக் கடித்தது" என்று சொல்ல மாட்டோம்.

வாடிப்பட்டி அம்மா

ரொம்ப நன்றி டீச்சர். அவளிடம் படித்துக் காட்டினேன். உடனே "அப்போ கீரைக்கு என்ன சொல்றது, கீரை கீரையா?" என்கிறாள்.

மேலூர் தமிழாசிரியை (ஓய்வு)

கெட்டிக்காரி. கி, கீ என்று தொடங்கும் சொல்லில் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. "கீரை கீரை" என்றால் அது தெருவில் கூவி விற்பவரின் அடுக்குத்தொடர். அங்கே நாம் "கீரை ஏதாவது" என்று வேறு விதமாகச் சொல்லிக்கொள்கிறோம்.

திருமங்கலம்

டீச்சர், இடைவெளி பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒற்று வைத்துப் பிடிக்கலாமே? இரண்டிலும் வல்லினம் மிகாது என்று புத்தகத்தில் இருக்கிறது. பாம்பு பாம்பு, தீ தீ, படபட, கலகல, எங்கும் மிகவில்லை. அப்படிப் பார்த்தால் சுடச்சுட, திரும்பத் திரும்ப, பார்த்துப் பார்த்து எல்லாம் ஒற்று மிகுவதால் அடுக்குத்தொடரே இல்லை என்றுதானே வரும்?

மேலூர் தமிழாசிரியை (ஓய்வு)

ஒற்று மிகுவதற்கு அங்கே வேறு காரணம் இருக்கிறது. "திரும்பச் சொன்னான்", "பார்த்துப் போனான்", "தேடிச் சென்றான்" என்று அந்த வினையெச்சங்களுக்குப் பின் எப்போதும் மிகும். அடுத்து வருவது வேறு சொல்லாக இல்லாமல் அதே சொல்லாக இருந்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. மிகாது என்ற விதி பெயர்ச்சொல்லும் ஏவலும் அடுக்கும்போது சரியாக நிற்கிறது. எச்சம் அடுக்கும்போது நிற்கவில்லை.

திருமங்கலம்

அப்படியானால் விதியிலேயே அந்த விலக்கைச் சொல்லியிருக்க வேண்டும். "அடுக்குத்தொடரில் வல்லினம் மிகாது, சரியா தவறா" என்று கேட்டால் எதைக் குறிப்பது?

மேலூர் தமிழாசிரியை (ஓய்வு)

தேர்வில் "சரி" என்றே குறி, பாடநூல் அப்படித்தான் சொல்கிறது. எழுதும்போது "திரும்பத் திரும்ப" என்றே எழுது. இரண்டும் முட்டிக்கொள்கின்றன என்பதில் உன்னோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

அலங்காநல்லூர்

இடையில் ஒன்று. எனக்கு வகை பிரிப்பது வந்துவிடுகிறது, பொருள்தான் காலை வாருகிறது. நம் பக்கம் பேச்சில் ழவும் ளவும் ஒன்றாகிவிடுவதால் "வழவழ"வையும் "வளவள"வையும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். பொருத்துக வினாவில் இரண்டும் வந்தால் திருதிருவென விழிக்க வேண்டியிருக்கிறது.

மேலூர் தமிழாசிரியை (ஓய்வு)

நீங்களே வழியைச் சொல்லிவிட்டீர்கள். திருதிரு என்றால் விழிக்கத்தான் முடியும், நறநற என்றால் பல்லைக் கடிக்கத்தான் முடியும். இரட்டைக்கிளவியைப் பெரும்பாலும் அதன் வினையோடு சேர்த்தே படிக்க வேண்டும். தரை வழவழவென்று இருக்கும், ஆள் வளவளவென்று பேசுவார். நகை பளபளக்கும், பொழுது பலபலவென விடியும். ஓடை சலசலக்கும், ஓயாமல் பேசுகிறவர்கள் சளசளப்பார்கள். சில சொற்களுக்கு மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட துணை உண்டு. "மாட்டு வண்டி கடகடவென ஓடியது" என்றால் ஓசை, "குறளைக் கடகடவென ஒப்பித்தாள்" என்றால் விரைவு. அங்கே வினைதான் பொருளைத் தீர்மானிக்கும்.

உசிலம்பட்டி தேர்வர்

டீச்சர், நீங்கள் சொன்னபடி புதிதாகச் சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன். "தாத்தா மெல்ல மெல்ல நடந்தார்", ஒன்றை எடுத்தால் "மெல்ல நடந்தார்", நிற்கிறது, அடுக்குத்தொடர். "குழந்தை குறுகுறுவெனப் பார்த்தது", "குறுவெனப் பார்த்தது" நிற்கவில்லை, குறு என்றால் சிறிய என்ற பொருளும் இங்கே வரவில்லை, இரட்டைக்கிளவி. சரிதானே?

இரண்டில் மட்டும் நிற்கிறேன். "மெல்ல மெல்ல", "ஊர் ஊராக" போன்றவற்றின் பொருள் அந்த ஐந்தில் எது? "அவர் முகம் கடுகடுவென இருந்தது" என்பதில் கடு என்ற கடுமைப் பொருள் அப்படியே இருக்கிறதே, சுடச்சுட மாதிரி இதையும் அடுக்குத்தொடர் என்று சொல்லலாமா?

மேலூர் தமிழாசிரியை (ஓய்வு)

முதல் இரண்டும் சரி. மெல்ல மெல்ல, ஊர் ஊராக இரண்டும் அந்த ஐந்திலும் அடங்காது. அந்த ஐந்தும் உணர்ச்சியிலோ அவசரத்திலோ வாயிலிருந்து வரும் அடுக்குக்குச் சொன்னவை. மெல்ல மெல்ல என்பதில் மிகுதி, ஊர் ஊராக என்பதில் பன்மை. விருப்பங்களில் அந்த ஐந்து மட்டுமே இருந்தால் வினாவே சரியில்லை.

கடுகடுவை நான் இரட்டைக்கிளவியில்தான் வைப்பேன், "கடுவென இருந்தது" என்று வழக்கில்லை, கறுகறுத்தது போலத்தான் இதுவும்.

திருமங்கலம்

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் டீச்சர். சுடச்சுடவில் ஒற்றையாக நிற்காவிட்டாலும் பொருள் தெரிகிறது என்று அடுக்குத்தொடரில் சேர்த்தீர்கள். கடுகடுவிலும் பொருள் தெரியத்தான் செய்கிறது.

மேலூர் தமிழாசிரியை (ஓய்வு)

நியாயமான கேள்வி. சுட என்பது முழு எச்சம், "கை சுடப் பிடித்தான்" என்று வேறு இடத்தில் தனியாக வரும். கடு என்பது வெறும் அடி, "கடுஞ்சொல்" என்று ஒட்டித்தான் வரும். நான் பிரிப்பது அந்த இடத்தில். இதற்கு மறுப்பு இருந்தால் எழுது தம்பி, பார்க்கிறேன்.