புதுப்பிப்பு: கார்டில் போன அந்த ஐந்து சிறு தொகைகள்

முன்பு கேட்டது: “கார்டு அறிக்கையில் ஒரே பெயரில் ஐந்து சிறு தொகைகள். நான் எதுவும் வாங்கவில்லை. திருட்டா?”

திருட்டு இல்லை, மகள்தான். அறிக்கையில் ஆப் ஸ்டோரின் பெயர் மட்டுமே இருந்தது. ஸ்டோர் கணக்கின் ஆர்டர் வரலாற்றில்தான் விளையாட்டின் பெயரும் நேரமும் கிடைத்தன: ஐந்தும் பத்தே நிமிடத்துக்குள்.

விளையாட்டுக்குள் விற்கும் ரத்தினப் பொதிகளில் முதலாவதற்குக் கடவுச்சொல் போட்டுக் கொடுத்தது நானேதான், மறந்தே போயிருந்தேன். ஒருமுறை போட்டால் சிறிது நேரம் மறுபடி கேட்காது என்று ஒருவர் சரியாகச் சுட்டினார். இப்போது ‘ஒவ்வொரு முறையும் கேள்’ என்று மாற்றிவிட்டேன்.

கார்டை நீக்கினால் போதும் என்றார் இன்னொருவர். பாதி சரி, ஸ்டோர் இருப்பும் மொபைல் பில்லும் வழியாக இன்னும் வாங்க முடியும். வங்கியில் புகார் செய்யச் சொன்னவர் தன் கார்டு திருடுபோன கதையைச் சொன்னார். நம் விஷயம் வேறு: முதலில் ஸ்டோரிடம்தான் கேட்க வேண்டும், வங்கி வழியாகப் பணத்தை மீட்டால் ஸ்டோர் கணக்கே முடங்கலாம்.

அப்புறம், மகளுக்குத் தனிக் கணக்கு திறந்து, வாங்கும் முன் என் ஒப்புதல் கேட்கும்படி வைத்தேன். முதல் கோரிக்கை நேற்று வந்தது. சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம்.

நான் அனுமதித்த முதலாவது போக, மீதி நான்கில் இரண்டுக்குப் பணம் திரும்பியது. செலவழித்த ரத்தினங்களுக்கு இன்னும் பதில் இல்லை.