தங்கையின் படத்தில் நிழல் திட்டுத் திட்டாக வருகிறது, எந்த எண் வைப்பது?

காவேரிப்பட்டணத்தான்
ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குப் பிறந்தநாள். அவளுடைய புகைப்படத்தை அனிமே பாணியில், விளிம்பு கூர்மையான நிழலோடு மாற்றிச் சட்டம் போட்டுக் கொடுக்க நினைக்கிறேன். `Threshold` 120 வைத்தால் கன்னமெல்லாம் கருந்திட்டு. 90க்கு இறக்கினால் மூக்கின் நிழலே காணவில்லை. சரியான எண் எது? அவசரம்.

பாலக்கோட்டான்
எந்த மென்பொருள்? படம் எத்தனை பிக்சல்? எதுவாக இருந்தாலும் முதலில் `Gaussian Blur` 30 கொடுங்கள். திட்டுகள் எல்லாம் போய்விடும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

ஓசூர் மீனா
எங்கே எடுத்த படம்? வெளிச்சம் எந்தப் பக்கம்? திட்டுகள் மணல் தூவியது போலவா, காசளவிலா? மணல் என்றால் கேமராவின் இரைச்சல், லேசாக மங்கலாக்கினால் தீரும். காசளவு என்றால் முகத்தில் வெளிச்சமே அப்படி விழுந்திருக்கிறது.

அரூர் முத்து
எனக்கும் இதே தொல்லைதான். பிளெண்டரில் `Shader to RGB`, அதன்பின் `ColorRamp`-ஐ `Constant`-இல் வைத்தேன். `Cycles`-க்கு மாற்றியதும் நிழல் பட்டைகள் வரவே இல்லை.

ஓசூர் மீனா
முத்து, அந்தக் கணு `Eevee`-யில்தான் வேலை செய்யும். இவர் கேட்பது புகைப்படம், முப்பரிமாண உருவம் அல்ல.

கோட்டோவியன்
எண்ணைக் கேட்கும்போதே தெரிகிறது, தம்பி முகத்தைப் பார்க்கவில்லை. செல்லுலாய்டு தாளின் பின்பக்கம் வண்ணம் தீட்டிய காலத்தில் நிழல் எங்கே முடிய வேண்டும் என்பதை ஓவியர் கோடு போட்டு முடிவு செய்தார். முதலில் தலையின் அமைப்பை வரையப் பழகுங்கள்.

காவேரிப்பட்டணத்தான்
ஜிம்ப். 3000 பிக்சல் அகலம். மதியம் எங்கள் மாந்தோப்பில் எடுத்தது. திட்டுகள் காசளவு. 30 கொடுத்துப் பார்த்தேன், திட்டு போகவில்லை, மூக்குதான் கரைந்தது.

ஓசூர் மீனா
தோப்பு என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். இலை இடுக்கு வழியே விழுந்த வெயில் அது. கன்னத்தில் விழும் இலை நிழலும் மூக்கு தரும் நிழலும் ஒரே அளவு இருண்டவை, எண்ணால் அவற்றைப் பிரிக்க முடியாது. அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.

காலையில் திண்ணையில் உட்கார வைத்து, ஒரே பக்கத்திலிருந்து, சற்று மேலிருந்து வெளிச்சம் வரும்படி எடுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். மூக்கின் நிழல் மறுபக்கக் கன்னத்தில் தெளிவாக விழுந்தால் படம் சரி.

பிறகு `Free Select` கொண்டு தோலை மட்டும் தேர்ந்தெடுங்கள். கண், புருவம், பொட்டு மூன்றையும் வெளியே விடுங்கள். அவை இருட்டாக இருப்பது நிறத்தால், நிழலால் அல்ல. `Selective Gaussian Blur` கொடுத்தால் விளிம்பு கெடாது. அடுத்து `Histogram` பாருங்கள். ஒற்றை வெளிச்சத்தில் எடுத்த தோலுக்குப் பெரும்பாலும் இரண்டு மேடுகள் தெரியும், ஒன்று நிழல், ஒன்று வெளிச்சம். நடுவிலுள்ள பள்ளம்தான் உங்கள் எண். முடிக்கும் சட்டைக்கும் இதையே தனித்தனியாகச் செய்யுங்கள். ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் வைத்தால் முடி முழுக்க நிழலாகும், வெள்ளைச் சட்டை முழுக்க வெளிச்சமாகும்.

கடைசியில் கையால் திருத்த வேண்டும். பொட்டைவிடச் சிறிய தீவுகளை அழித்துவிட்டு, மூக்கு நிழலின் விளிம்பை ஒரே கோடாக இழுங்கள். இதில் கோட்டோவியன் சொல்வது சரிதான்.

பாலக்கோட்டான்
நிழலுக்குக் கறுப்பை 40 சதவீதம் கலந்தால் போதும்.

கோட்டோவியன்
மாநிறத் தோலில் கறுப்பைக் கலந்தால் சாம்பல் பூசியது போலாகும். நிழலைச் செம்மை பக்கம் நகர்த்தி, நிறத்தின் செறிவையும் கூட்ட வேண்டும்.

பாலக்கோட்டான்
மாலைக் காட்சிகளில் நீல நிழல் வருகிறதே? அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கோட்டோவியன்
அது வானத்தின் நிறம். திண்ணைக்குள் உட்கார்ந்தவருக்கு எதற்கு வானம்?

பாலக்கோட்டான்
திண்ணை திறந்த இடம்தானே ஐயா. வானம் தெரியும்.

அரூர் முத்து
`Eevee`-க்கு மாற்றினேன், பட்டைகள் வந்துவிட்டன. நன்றி மீனா அக்கா.

காவேரிப்பட்டணத்தான்
இன்று காலை ஏழரைக்கு எடுத்தேன். தோல் 70 முதல் 190 வரை பரவியிருந்தது. 95இலும் 150இலும் மேடு, 118இல் பள்ளம். 118 வைத்ததும் மூக்கு நிழல் முக்கோணமாக அழகாக வந்தது. தாடைக்கு அடியில் மட்டும் 80 வைத்து இரண்டாவது பட்டை சேர்த்தேன். செம்மண் நிறத்தில் நிழல் போட்டேன், நன்றாக இருக்கிறது. முடிக்கு மட்டும் மேடு ஒன்றே தெரிகிறது, பள்ளமே இல்லை. அங்கே என்ன செய்வது? அச்சகத்துக்கு மாலைக்குள் கொடுக்க வேண்டும்.

ஓசூர் மீனா
முடி கறுப்பு. ஒளி வளையம் சிறியதாக இருப்பதால் மேடாகத் தெரியவில்லை. மேல் ஓரத்திலிருந்து எண்ணைக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள், உச்சந்தலையைச் சுற்றி வளையம் துண்டு துண்டாகத் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். எண்ணெய் தடவியிருந்தாரா?

ஓசூர் மீனா
தம்பி, படம் கொடுத்தாயிற்றா?