தம்ப்நெயிலில் 190 கிளிக், வீடியோ தொடங்கியது 37 முறை: நடுவில் இருந்தவர்கள் எங்கே?

பம்புசெட்

கோவையில் ஒரு மோட்டார் பம்பு நிறுவனத்துக்குச் செய்திமடல் தயாரித்து அனுப்புகிறேன். பெறுபவர்களில் பாதி டீலர்கள், பாதி பெரிய ஆலைகளின் பராமரிப்புப் பிரிவினர். மெயிலுக்குள் வீடியோ ஓடும் என்று நம்ப முடியாது, அது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் சீல் மாற்றும் வீடியோவிலிருந்து ஒரு காட்சியை எடுத்து, நடுவில் வெள்ளை முக்கோணம் வைத்து, எங்கள் தளத்துப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தேன். 2,300 பேருக்குப் போய்ச் சேர்ந்தது. படத்தின் மேல் 190 கிளிக் என்றது மெயில் மென்பொருள். பக்கத்தில் வீடியோ தொடங்கியது 37 முறைதான்.

கணக்கைக் காட்டியதும் முதலாளி தன் போனில் அந்த மெயிலைத் திறந்து படத்தை அழுத்தினார். பக்கம் வந்தது. அதே படம், அதே முக்கோணம். போனை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். "ஓடவில்லையே?" என்றார். இன்னொரு முறை அழுத்த வேண்டும் சார் என்றேன். "அதுதான் அழுத்திவிட்டேனே!"

மீதி 153 கிளிக்கும் இப்படிக் காத்திருந்துவிட்டுப் போனவர்களுடையதா? இதுதான் உறுத்துகிறது.

வெள்ளலூர்க்காரன்

இதற்கு ஏன் இவ்வளவு கவலை? பக்கத்தில் பதித்திருக்கும் வீடியோ லிங்கின் கடைசியில் `autoplay=1` சேர்த்துவிடுங்கள், பக்கம் வந்ததும் ஓடும். என் கணினியில் அப்படித்தான் ஓடுகிறது. மெயிலிலும் அசையாத படத்துக்குப் பதில் ஜிஃப் வையுங்கள், கிளிக் கூடும்.

மணிமுத்தாறு

யூடியூப் ஸ்டூடியோவில் தம்ப்நெயிலுக்கான கிளிக் விகிதம் தனியாகவே வருகிறதே, அதைப் பார்த்தால் போதாதா? எங்கள் சமையல் சேனலில் முகம் தெரியும் படம் வைத்ததும் அது உடனே ஏறியது. மஞ்சள் எழுத்தும் உதவும்.

சர்வர் அறை

மணிமுத்தாறு, அந்த விகிதம் யூடியூப் தனக்குள் காட்டும் படங்களுக்கு மட்டும். மெயிலில் போன படத்தை அது பார்ப்பதே இல்லை. இங்கே கேள்வி வேறு.

பம்புசெட், முதலில் 190 என்பதை நம்பாதீர்கள். ஆலைகளின் மெயில் சர்வருக்கு முன்னால் பாதுகாப்பு மென்பொருள் இருக்கும். மெயில் உள்ளே வந்ததும் ஆபத்து உண்டா என்று பார்க்க எல்லா லிங்க்கையும் அதுவே திறந்து பார்க்கும். ஒருமுறை எங்கள் மடலில் ஒரே ஆலையிலிருந்து வந்த கிளிக் பட்டியலை நேர வரிசையில் வைத்துப் பார்த்தேன். மெயில் சேர்ந்த சில விநாடிகளில் வீடியோ படம், முகவரி வரைபடம், தனியுரிமைக் கொள்கை என்று எல்லாமே கிளிக் ஆகியிருந்தன, சந்தாவை நிறுத்தும் லிங்க் உட்பட. எந்த மனிதர் அப்படி அழுத்துவார்?

மொத்தக் கிளிக்கை விட்டுத் தனி நபர் எண்ணிக்கையை எடுங்கள். பிறகு முகவரி வாரியாகக் கிளிக் நேரத்தை இறக்கிப் பாருங்கள். ஒன்றைக் கவனியுங்கள், கழிக்க வேண்டியது அந்தக் கிளிக்கை, அந்த ஆளை அல்ல. காலையில் இயந்திரம் திறந்த அதே லிங்க்கை மத்தியானம் அந்தப் பொறியாளரே திறந்திருக்கலாம்.

பம்புசெட்

இறக்கிப் பார்த்துவிட்டேன். 190 கிளிக்குக்குச் சொந்தக்காரர்கள் 141 பேர். அவர்களில் 52 பேரின் பெயரில் இருப்பது மெயில் சேர்ந்த உடனே எல்லா லிங்க்கும் ஒன்றாகத் திறந்த கிளிக் மட்டுமே, பிற்பாடு எதுவும் இல்லை. மிச்சம் 89. தளத்தின் கணக்கில் இந்த மடலிலிருந்து பக்கத்துக்கு வந்தவர்கள் 80. ஒன்பது பேர் வித்தியாசம் பரவாயில்லை, பக்கம் வருவதற்குள் மூடியவர்களும் விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களும் இருப்பார்கள்.

ஆக, கிளிக் விகிதம் 8 விழுக்காட்டுக்கு மேல் என்று முதலாளியிடம் சொன்னது உண்மையில் 4க்கும் சற்றுக் கீழே. ஆனால் பக்கத்துக்கு வந்த 80 பேரில் 37 பேர் தொடங்கியிருக்கிறார்கள். அவர் போல மேசையில் போனை வைத்தவர்கள் 153 இல்லை, அதிகம் போனால் 43.

வெள்ளலூர்க்காரன்

அந்த 43 பேருக்குத்தான் சொல்கிறேன், `autoplay=1`.

இரண்டாவது முக்கோணம்

வெள்ளலூர்க்காரரே, உங்கள் கணினியில் ஓடும். உங்கள் தளத்தில் நீங்களே அடிக்கடி ஒலியோடு வீடியோ பார்ப்பதால் குரோம் உங்களை அனுமதிக்கிறது. முதல் முறை வருகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. 2018 முதல் குரோமில் ஒலியுள்ள வீடியோ தானாக ஓடாது, சஃபாரி அதற்கு முன்பே நிறுத்திவிட்டது. மெயிலில் அழுத்தியதைப் பக்கத்தில் அழுத்தியதாக உலாவி எடுத்துக்கொள்வதில்லை. ஒலியை அடைத்தால் ஓடும், அதுவும் ஐபோன் பேட்டரி சேமிப்பில் இருந்தால் ஓடாது. ஜிஃப் யோசனையும் பாதிதான் சரி. விண்டோஸ் அவுட்லுக்கின் பழைய பதிப்புகளில் ஜிஃபின் முதல் காட்சி மட்டும் அசையாமல் நிற்கும், அதில் முக்கோணம் இல்லையென்றால் வீடியோ என்றே தெரியாது.

எங்கள் பயிற்சி நிறுவனத்தில் ஒலியை அடைத்துத் தானாக ஓடவிட்டோம். மறுநாள் "வீடியோ தொடக்கம்" பக்கத்துக்கு வந்தவர்கள் எண்ணிக்கையை ஏறக்குறையத் தொட்டுவிட்டது. கூட்டத்தில் கைதட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை, ஏனென்றால் ஒருவரும் எதையும் அழுத்தவில்லை. அதன் பிறகு ஒலியைத் திறக்கும் பொத்தானைத் தனி நிகழ்வாக எண்ணத் தொடங்கினேன்.

தபால்தலை

என் அனுபவம் சின்னது. ஒரு நூலகத்தின் மடலில் படத்துக்கும் கீழேயிருந்த "வீடியோவைப் பாருங்கள்" என்ற வரிக்கும் ஒரே லிங்க்கைக் கொடுத்திருந்தார்கள். படம் வேலை செய்ததா, வரி வேலை செய்ததா என்று தளத்தின் கணக்கில் கடைசிவரை தெரியவில்லை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இரண்டு லிங்க்கின் முடிவிலும் இந்தக் குறிகளைச் சேர்த்து, கடைசிச் சொல்லை மட்டும் மாற்றுங்கள்:

```
?utm_source=newsletter&utm_medium=email&utm_content=thumb
?utm_source=newsletter&utm_medium=email&utm_content=textlink
```

அவுட்லுக்கில் படங்கள் பெரும்பாலும் தடுக்கப்பட்டே வரும். அப்போது படத்தின் இடத்தில் தெரிவது மாற்று உரைதான், அதை அழுத்தினாலும் `thumb` என்றே பதிவாகும். ஆகவே அதில் வெறுமனே "படம்" என்று எழுதாமல் "சீல் மாற்றும் முறை, 4 நிமிட வீடியோ" என்று எழுதுங்கள். லிங்க்கை நேராக யூடியூபுக்குக் கொடுக்காதீர்கள், போனில் அது யூடியூப் செயலிக்குத் தாவிவிடும், இந்தக் குறிகள் உங்கள் கணக்கில் எங்கும் வராது. கிளிக் விகிதத்துக்கு, மெயிலைத் திறந்தவர்கள் எண்ணிக்கையால் வகுக்காதீர்கள். 2021இல் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமை வசதி, ஆள் மெயிலைத் திறக்காமலே படங்களை இறக்கிவைத்துவிடுகிறது, திறப்பு எண்ணிக்கை வீங்கியிருக்கும். போய்ச் சேர்ந்த எண்ணிக்கையால் வகுங்கள். மடலின் நிரல் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் வாலை வெட்டிவிடும், வீடியோ படம் கீழே இருந்தால்...

சர்வர் அறை

தபால்தலை, மூச்சு விடுங்கள்.

பம்புசெட்

அடுத்த மடலில் பட்டியலை இரண்டாகப் பிரிக்கிறேன். பாதிப் பேருக்குப் பழைய பக்கம். மீதிப் பேருக்கு ஒலி அடைத்துத் தானாக ஓடும் வீடியோ, மேலே "ஒலியுடன் பார்க்க" என்ற பெரிய பொத்தான். முதல் பாதியில் தொடக்கத்தையும் இரண்டாம் பாதியில் பொத்தானையும் எண்ணி ஒப்பிடுவேன்.

இரண்டாவது முக்கோணம்

அந்த ஒப்பீடு நியாயமில்லை. ஆலைத் தரையில் நிற்கும் மெக்கானிக் ஒலி இல்லாமலே சீல் மாற்றுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார், அவர் உங்கள் கணக்கில் வரமாட்டார். இரு பாதியிலும் வீடியோவின் 50 விழுக்காட்டைத் தாண்டியவர்களை எண்ணுங்கள்.

வெள்ளலூர்க்காரன்

தானாக ஓடும் வீடியோ, பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாலும் 50ஐத் தாண்டுமே?