இங்கிலீஷ் பேச்சுக்குத் தமிழ் சப்டைட்டில்: ஏற்காட்டு அனுபவம்

அஸ்தம்பட்டி வாசி:
காபிச் செடியைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு பற்றி ஒரு பேராசிரியர் இங்கிலீஷில் பேசிய வீடியோவுக்கு, ஏற்காட்டில் சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்காக சப்டைட்டில் போட்டேன். எனக்குத் தந்த கணக்கு: ஒரு வரிக்கு 42 குறி, இரண்டே வரி, விநாடிக்கு 17 குறி. குறி என்றால் புள்ளி, கொம்பு, இடைவெளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும் சாஃப்ட்வேர் கணக்கு. ஒரு இடத்தில் அவர் மளமளவென்று 7 விநாடியில் சொன்னதை நான் முதலில் இப்படி எழுதினேன்: "எனவே நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்றால், வண்டு பறக்கும் காலம் தொடங்குவதற்கு முன்பாகவே முதன்மைத் தண்டில் புடைப்புகள் காணப்படும் பாதிக்கப்பட்ட செடிகளைக் கண்டறிந்து வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும்". எண்ணிப் பார்த்தால் 198 குறி, விநாடிக்கு 28. அப்படியே நாகலூர் பக்கம் ஒரு களத்து ஷெட்டில் போட்டுக் காட்டினோம். முன்வரிசையில் ஒரு அம்மா உதட்டை அசைத்து அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார், "தண்டில்" என்ற சொல்லுக்கு வரும்போதே எழுத்து போய்விட்டது. அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து மாற்றினேன்.

```
118
00:12:41,200 --> 00:12:45,700
வண்டு பறக்கும் காலத்துக்கு முன்பே
தண்டில் புடைப்பு உள்ள செடியைத் தேடுங்கள்

119
00:12:45,800 --> 00:12:48,300
வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள்
```

முதல் வரி 33, இரண்டாவது 40, மொத்தம் 73 குறி, 4.5 விநாடிக்கு 16 சொச்சம். "எனவே நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்றால்" முழுசாகப் போனதில் எனக்கு வருத்தமே இல்லை, அது பேச்சாளர் மூச்சு வாங்கும் இடம். "பாதிக்கப்பட்ட" என்பதும் வேண்டாம், புடைப்பு இருந்தாலே பூச்சி ஏறிவிட்டது என்று அர்த்தம். "முதன்மை" போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

செவ்வாய்ப்பேட்டை:
அண்ணே, தமிழுக்கு எழுத்தைத்தானே எண்ணணும்? "காலத்துக்கு" ஆறு எழுத்து, சாஃப்ட்வேர் 11 என்கிறது, புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணுகிறது. எழுத்துக் கணக்கில் உங்கள் 73 வெறும் 44. அப்படியானால் வரிக்கு 42 எழுத்து தாராளமாகப் போடலாமே.

அம்மாபேட்டை அக்கா (பத்து வருஷமாக இதே வேலை):
தம்பி சொல்வதில் பாதி சரி. கண் படிப்பது எழுத்தைத்தான், அதனால் 11 என்பது உண்மையான பாரத்தைக் கூட்டிக் காட்டுகிறது. ஆனால் வரி நீளம் என்பது திரையில் எடுக்கும் இடம். ணை, ஞா, கௌ இவையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அகலம். 42 தமிழ் எழுத்தை ஒரே வரியில் போட்டால் செல்போனில் தானாக உடைந்து மூன்று வரியாகிவிடும், அதுவும் கண்ட இடத்தில் உடையும். சாஃப்ட்வேர் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் சின்ன போனில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும், எதிர்மறையும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். இதே மாதிரி ஒரு பேச்சில் "நிழல் மரங்களை ஒரேயடியாகக் கழித்து, செடியில் வெயில் படும்படி" என்று முதல் துண்டு, "விட்டுவிடாதீர்கள்" அடுத்த துண்டு என்று பிரித்துவிட்டேன். வெயில் பட்ட செடியில்தான் அந்த வண்டு அதிகம் முட்டை இடும், ஆக அந்த மூன்று விநாடி நான் நேர் எதிராகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் "பாரு, நெழலக் கழிக்கச் சொல்றாங்க" என்றே சொல்லிவிட்டார். இப்போது "நிழலை ஒரேயடியாகக் குறைக்காதீர்கள்" என்று முதல் துண்டிலேயே முடித்துவிட்டு, காரணத்தை அடுத்ததில் வைக்கிறேன்.

சூரமங்கலம்:
நான் எங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவுக்குத் தமிழ்ப் பேச்சை இங்கிலீஷில் போட்டேன், இந்தச் சிக்கலே வரவில்லை, இடம் மிச்சம்தான் இருந்தது. எழுத்தைச் சின்னதாக்கினால் தீராதா?

அம்மாபேட்டை அக்கா:
அது எதிர்த் திசைங்க, தமிழில் ஒரே சொல்லில் அடங்குவது இங்கிலீஷில் மூன்று சொல்லாகும், ஆனாலும் அளவு கட்டுக்குள் நிற்கும். எழுத்தைச் சின்னதாக்கினால் வரி அடங்கும், படிக்க ஆகும் நேரம் குறையாதே.

நாகலூர் தோட்டக்காரர்:
நான் அந்த ஷெட்டில் இருந்தேன். இரண்டாவது தடவை போட்டது படிக்க முடிந்தது. ஆனால் "புடைப்பு" என்றதும் எங்கள் ஆள் ஒருத்தர் கணுவைத் தொட்டுக் காட்டினார். பூச்சி போன தடம் பட்டைக்கு மேலே வரப்பு மாதிரி சுற்றி ஓடும், "வரப்பு" என்று போட்டால் எங்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

அஸ்தம்பட்டி வாசி:
"வரப்பு" குறியிலும் சின்னது, 8க்கு 6. இரண்டு குறி மிச்சமானாலும் "முதன்மை"க்கு இடம் போதாது. வயலே இல்லாத பேச்சில் வரப்பு என்றால் சேலத்தில் பார்ப்பவர்கள் தடுமாறுவார்களா என்று யோசனை. அந்த நேரத்தில் திரையில் தண்டின் படம் இருக்கிறது, அதை நம்பிப் போடலாமா என்று அக்கா சொல்லுங்கள்.

அம்மாபேட்டை அக்கா:
படம் எத்தனை விநாடி நிற்கிறது? 118 முடியும் முன்பே மாறிவிட்டால் நம்பாதீர்கள்.

அஸ்தம்பட்டி வாசி:
12:44க்கே மாறிவிடுகிறது.