புதுப்பிப்பு: டெங்கியால் விட்ட மிட்-டெர்முக்கு மறுதேர்வு கிடைத்தது

நான் கேட்டது: "மிட்-டெர்ம் நாளன்று காய்ச்சல், மறுநாளே வார்டு. எம்.சி. இருக்கு. மறுதேர்வு தருவாங்களா, 20 மார்க்கும் போச்சா?"

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மறுதேர்வு கிடைத்தது, போன வியாழன் எழுதிவிட்டேன்.

எம்.சி. இருந்தால் போதும் என்று அண்ணன் ஒருவர் சொன்னது பாதிதான் சரி. வார்டு எம்.சி. செவ்வாயில் தொடங்குது, தேர்வோ திங்கள் காலை. அன்றைக்கு எங்கள் தோட்டத்துப் பக்கத்து கிளினிக் தந்தது வெறும் டைம் ஸ்லிப். வந்து போனதற்கு அது சாட்சி, விடுப்பு இல்லை என்று ஃபேகல்டி அலுவலகம் திருப்பிவிட்டது.

கைகொடுத்தது டியூட்டராக இருந்த அக்காவின் யோசனை: "பின்தேதி எம்.சி. கேட்காதே, டாக்டர் தரமாட்டார். அன்றைய பதிவேட்டைப் பார்த்து ஒரு கடிதம் கேள்." நான் கிளினிக்குக்கு வந்த நேரத்தையும் 39.2 டிகிரி காய்ச்சலையும் டாக்டர் எழுதி, சாப் வைத்துக் கொடுத்தார். எம்.சி.யோடு அதையும் இணைத்து லெக்சரருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

எதிர்பாராதது: மற்றவர்களுக்குக் கொள்குறி வினா, எனக்கு நான்கு நெடுவினா. பழைய தாளை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

ரிப்பீட் பேப்பருக்குப் பணம் கட்டச் சொன்ன தம்பி, அது பாடத்தில் பெயிலானவர்களுக்கு.

அதே வாரம் விட்ட 5 மார்க் குவிஸுக்கு இன்னும் பதில் வரவில்லை.