200 ஷூ புகாரை அடுக்கிப் பார்த்த கணக்கு (ஆம்பூர்)

ஆம்பூர் தரப்பிரிவு: திரும்பி வந்த 200 ஜோடியைப் பிரிச்சோம். சோல் பிரிஞ்சது 78, தையல் விட்டது 46, சாயம் போனது 28, சைஸ் மாறினது 16, ஐலெட் கழன்றது 12, லைனிங் கிழிஞ்சது 8, இதர 12. பெருசுல இருந்து சிறுசா அடுக்கணும். ‘இதர’ எத்தனை இருந்தாலும் கடைசியிலதான். எண்ணிக்கை B2-ல ஆரம்பிச்சா C2-ல இதைப் போட்டு இழுங்க:

```
=SUM(B$2:B2)/SUM(B$2:B$8)
```

39, 62, 76, 84, 90, 94, 100 சதவீதம்னு ஏறும். முதல் மூணு வகையே முக்கால்வாசிப் புகார்.

வாணியம்பாடி: 20 சதவீத வகையிலேயே 80 சதவீதப் புகார் இருக்கும்னு சொல்ற 80-20 வரலையே சார். ஏழுல ரெண்டு வகை 62 தானே? கணக்கு தப்பு.

ஆம்பூர் தரப்பிரிவு: அது சட்டம் இல்லப்பா, சும்மா ஒரு அளவு. இதை வரைபடமாப் போட்டு, எல்லாக் கம்பமும் ஒரே உயரத்துல நின்னாதான் பிரிச்ச விதத்தைச் சந்தேகப்படணும். இன்னொண்ணு, ‘சோல் பிரிஞ்சது’ காரணமே இல்ல, அடையாளம். அந்த 78-ஐ மட்டும் திரும்பப் பிரிச்சோம். பிரிஞ்ச இடத்துல பசை எந்தப் பக்கம் ஒட்டியிருக்குன்னு பாருங்க. பசை முழுக்க சோல்ல வந்து தோல் மொழுக்குன்னு இருந்தா, ஒட்டுறதுக்கு முன்னாடி தோலைச் சொரசொரப்பாத் தேய்க்கிற ரஃபிங் ஆழம் போதல, தோலோட மேல்பளபளப்பு போகல. அப்படி 51. பசை தோல்லயே நின்னு சோல் சுத்தமா இருந்தா, சோலுக்குப் பூசுற பிரைமர்ல கோளாறு, அது 17. ரெண்டு பக்கமும் பசை இருந்தா ஹீட்டர் சூடு குறைவு, இல்ல சூடேறினதை பிரஸ்ல வைக்கத் தாமதம், மீதி 10. ஆக, ரஃபிங் மேசை ஒண்ணுலயே மொத்தப் புகார்ல கால்வாசி.

குடியாத்தம் ஓட்டல்: நம்ம கடையில மாசம் 14 புகார்தான். உப்பு 4, லேட் 3, மத்தது ஒண்ணு ஒண்ணு. உப்புதான் முதல் காரணம்னு மாஸ்டரைக் கேட்கலாமாண்ணா?

ஆம்பூர் தரப்பிரிவு: இன்னும் ரெண்டு பேர் லேட்டுன்னு சொன்னா வரிசையே கவுந்துடும். மூணு மாசத்தைச் சேருங்க. நடுவுல மாஸ்டர் மாறியிருந்தா சேர்க்காதீங்க.

ராணிப்பேட்டை: எண்ணிக்கையோட செலவையும் பெருக்கி இன்னொரு தடவை அடுக்குங்க. சைஸ் மாறின ஜோடியை டப்பா மாத்தித் திரும்ப விக்கலாம். சோல் பிரிஞ்சது குப்பை. சாயம் போனது சிலது டச்-அப்ல தேறும், அது மூணாவது இடத்துல இருந்து இறங்கிடலாம். ஒரே ஜோடியில தையலும் சோலும் போயிருந்தா எதுல எழுதுனீங்க?

ஆம்பூர் தரப்பிரிவு: வாடிக்கையாளர் முதல்ல சொன்னதுல.

ராணிப்பேட்டை: நாங்க ரெண்டுலயும் போடுவோம். அப்போ அடியில வகுக்குறது ஜோடி இல்ல, குறை எண்ணிக்கை. உங்க வழியில தையல் குறைச்சலாத் தெரியும்னு நினைக்கிறேன்.

வாணியம்பாடி: அந்த இதர 12 என்ன? கடைசிதானே, விட்டுடலாமா?

ஆம்பூர் தரப்பிரிவு: அதுல 3 ஜோடி உள்அட்டையில ஆணி நீட்டிக்கிட்டு இருந்தது. அதுக்கு வரிசையே பார்க்கல, அன்னைக்கே லைனை நிறுத்தியாச்சு.